தசாம்சமும் சப்தாம்சமும்: சிங்கப்பூரில் பிறந்தோரின் ஜாதகத்தில் வர்க்கச் சக்கரம் பார்க்கும் முறை

1982-க்கு முன் சிங்கப்பூரில் பிறந்த ஒருவர், தம் பிறந்த நாளையும் நேரத்தையும் இரண்டு சோதிடர்களிடம் கொடுத்து ஜாதகம் கணித்து வாங்கினால், இரண்டிலும் ராசிக் கட்டம் ஒன்றாகவே இருந்தும், தசாம்ச லக்னம் ஒன்றில் விருச்சிகமாகவும் மற்றொன்றில் கன்னியாகவும் வரக்கூடும். இருவரில் ஒருவர் கணக்குத் தெரியாதவர் என்று எண்ணுவதற்கு முன், அந்தக் காலத்தில் சிங்கப்பூர்க் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டியது என்பதைப் பார்க்க வேண்டும். வர்க்கச் சக்கரங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பலனிலிருந்து தொடங்குகிறார்கள். நேரத்திலிருந்து தொடங்குவதே முறை என்பது என் கருத்து. ஆகவே இவ்வழிகாட்டியும் அங்கிருந்தே தொடங்குகிறது.

வர்க்கம் என்பது முப்பது பாகை கொண்ட ஒரு ராசியைச் சம பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் ஒரு ராசிக்கு உரியதாக்கி, கிரகங்களையும் லக்னத்தையும் அந்த ராசிகளில் மறுபடி நிறுத்திப் பார்ப்பதாகும். பராசரர் பெயரால் வழங்கும் ஹோரா சாஸ்திரம் இவ்வாறு பதினாறு வர்க்கங்களைச் சொல்கிறது. ஒன்பதாகப் பிரிக்கும் நவாம்சம் தமிழ்நாட்டு ஜாதகப் புத்தகத்தில் ராசிக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுதப்படுவதால் எல்லோருக்கும் பழக்கமானது. ஏழாகப் பிரிப்பது சப்தாம்சம். அது மக்கள், பேரப்பிள்ளைகள் பற்றியது. பத்தாகப் பிரிப்பது தசாம்சம்; அதற்கு அந்நூல் 'மகத்பலம்', அதாவது பெரும்பலன் என்று மட்டுமே சொல்கிறது. தொழிலும் பதவியும் அதில் அடங்கும் என்பது வழிவழியாக வந்த விளக்கம். பன்னிரண்டாகப் பிரிக்கும் துவாதசாம்சம் பெற்றோருக்கும், நான்காகப் பிரிக்கும் சதுர்த்தாம்சம் வீடு நிலத்துக்கும், இருபத்து நான்காகப் பிரிக்கும் சதுர்விம்சாம்சம் கல்விக்கும் பார்க்கப்படுகின்றன. இவற்றுள் தசாம்சம், சப்தாம்சம் ஆகிய இரண்டை மட்டுமே இங்கே விரிவாக எடுத்துக்கொள்கிறேன். இவ்விரண்டின் முறை பிடிபட்டால் மற்றவற்றுக்கும் அதே முறையைக் கொண்டுபோகலாம்.

முதல் படி: நேரத்தையும் நேர மண்டலத்தையும் உறுதி செய்தல்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், வடக்கே ஒன்றேகால் பாகையளவில் இருப்பதால், இங்கே லக்னங்கள் ஏறக்குறைய ஒரே சீராக உதிக்கின்றன. ஒரு ராசி உதித்து முடிய 1 மணி 50 நிமிடம் முதல் 2 மணி 10 நிமிடம் வரை ஆகிறது. எனவே லக்னம் ஒரு பாகை நகரச் சுமார் 4 நிமிடம் என்று கொள்ளலாம். 3 பாகை கொண்ட தசாம்சப் பாகம் 12 நிமிடத்திலும், 4 பாகை 17 கலை கொண்ட சப்தாம்சப் பாகம் 17 நிமிடத்திலும் மாறிவிடும். அரைப் பாகை கொண்ட சஷ்டியாம்சமோ 2 நிமிடத்தில் மாறும். நிமிடம் பிசகாத நேரம் கையில் இல்லாதவருக்கு அதன் லக்னத்தை வைத்துப் பலன் சொல்வதை நான் ஏற்பதில்லை.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். சிங்கப்பூர் 1.1.1982 முதல்தான் கிரீன்விச் நேரத்துக்கு 8 மணி முந்திய நேரத்தைப் பின்பற்றுகிறது. அதற்கு முன், 1945 செப்டம்பரிலிருந்து 1981 முடியும் வரை, இங்கே 7 மணி 30 நிமிடமே வழக்கில் இருந்தது. சப்பானியர் ஆட்சியில், 1942 பிப்ரவரி நடுவிலிருந்து, தோக்கியோ நேரமாகிய 9 மணி நேரம் திணிக்கப்பட்டது. அதற்கு முந்திய சில மாதங்கள் 7 மணி 30 நிமிடமும், 1933 தொடக்கம் முதல் 1941 ஆகஸ்டு முடிய 7 மணி 20 நிமிடமும் இருந்தன. தாத்தா பாட்டியின் ஜாதகத்தைப் புதிதாகக் கணிப்போர் இந்த வரிசையைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அவர்கள் தமிழ்நாட்டில் பிறந்து இங்கே வந்தவர்களாயின் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியாவிலும் போர்க்கால ஏற்பாடாகக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

கணினியில் ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்தவுடன் பல செயலிகள் இன்றைய 8 மணியையே எடுத்துக்கொள்கின்றன. 1982-க்கு முந்திய பிறப்புக்கு இது அரை மணி நேரப் பிழை. லக்னத்தில் ஏழு பாகைக்கு மேல் வித்தியாசம். ராசிக் கட்டத்தில் இப்பிழை பெரும்பாலும் கண்ணில் படாமல் போய்விடும். தசாம்சத்திலோ லக்னம் இரண்டு மூன்று ராசி தள்ளிப் போகும்.

பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. செயலி காட்டும் சூரிய உதயத்தைப் பாருங்கள். இன்று சிங்கப்பூரில் சூரியன் ஏறக்குறைய காலை 7 மணியை ஒட்டி உதிக்கிறது. 1950 முதல் 1981 வரையிலான பிறப்புக்கு உதயம் 6.30-ஐ ஒட்டிக் காட்டப்பட வேண்டும். அங்கும் 7 மணி என்று காட்டினால் நேர மண்டலம் தவறாக இருக்கிறது என்று பொருள். அப்போது அதைக் கையால் 7:30 என்று மாற்றிக் கொடுத்து மறுபடி கணிக்க வேண்டும்.

இரண்டாம் படி: எண்ணும் விதி

மாதிரிக்கு ஒரு பிறப்பை எடுத்துக்கொள்வோம்: 25.8.1979, பகல் 12.50, சிங்கப்பூர். இது யாருடைய ஜாதகமும் அன்று. கணக்கைக் காட்டுவதற்காக நான் தேர்ந்த நாளும் நேரமும் ஆகும். திருக்கணித முறையில், லாகிரி அயனாம்சத்தைக் கொண்டு, 7.30 மணி நேர மண்டலத்தில் கணித்தால், லக்னம் விருச்சிகத்தில் 14 பாகை 26 கலையில் அமைகிறது. சூரியன் சிம்மத்தில் 7 பாகை 52 கலையிலும், சுக்கிரன் அவரை ஒட்டியே 7 பாகை 47 கலையிலும், சனி அதே சிம்மத்தில் 21 பாகை 38 கலையிலும் நிற்கிறார்கள். குரு கடகத்தில் 29 பாகை 4 கலை. சந்திரன் கன்னியில் 5 பாகையை ஒட்டி, உத்திரம் மூன்றாம் பாதம். இனி வரும் விளக்கத்துக்கு இவையே போதும்.

தசாம்சத்துக்கு விதி இது. மேஷம், மிதுனம் போன்ற ஒற்றைப்படை ராசியில் நிற்கும் கிரகத்துக்கு அந்த ராசியிலிருந்தே எண்ண வேண்டும். ரிஷபம், கடகம் போன்ற இரட்டைப்படை ராசியில் நின்றால் அதற்கு ஒன்பதாம் ராசியிலிருந்து எண்ண வேண்டும். லக்னம் விருச்சிகம், இரட்டைப்படை. அதற்கு ஒன்பதாம் ராசி கடகம். 14 பாகை 26 கலை என்பது 12-க்கும் 15-க்கும் இடைப்பட்டதால் ஐந்தாம் பாகம். கடகத்திலிருந்து ஐந்து எண்ணினால் கடகம், சிம்மம், கன்னி, துலாம், விருச்சிகம். ஆகத் தசாம்ச லக்னமும் விருச்சிகமே. சூரியன் சிம்மத்தில், ஒற்றைப்படை, மூன்றாம் பாகம், சிம்மத்திலிருந்து மூன்றாவது துலாம். சுக்கிரனும் அதே பாகத்தில் இருப்பதால் அவரும் துலாம். சனி எட்டாம் பாகம். சிம்மத்திலிருந்து எட்டாவது மீனம். குரு கடகத்தில், இரட்டைப்படை. ஒன்பதாம் ராசியான மீனத்திலிருந்து பத்து எண்ணினால் தனுசு.

சப்தாம்சத்தில் ஒற்றைப்படை ராசிக்கு அதே ராசியிலிருந்தும், இரட்டைப்படை ராசிக்கு ஏழாம் ராசியிலிருந்தும் எண்ணுகிறோம். பாகங்களின் எல்லைகள் 4.17, 8.34, 12.51, 17.08, 21.25, 25.43, 30 என ஏறக்குறைய வரும். புள்ளிக்குப் பின் உள்ளவை கலைகள். லக்னம் நான்காம் பாகம். விருச்சிகத்துக்கு ஏழான ரிஷபத்திலிருந்து நான்காவது சிம்மம். குரு ஏழாம் பாகம். கடகத்துக்கு ஏழான மகரத்திலிருந்து ஏழாவது மறுபடியும் கடகமே. சூரியனும் சுக்கிரனும் இரண்டாம் பாகத்தில், கன்னியில் அமைகிறார்கள்.

இரட்டைப்படை ராசிகளில் தலைகீழாக எண்ணும் முறையைக் கையாள்வோரும் இருக்கிறார்கள்; சில செயலிகளில் அதுவும் ஒரு தெரிவாகக் கிடைக்கிறது. எனவே ஒருவர் கணித்துக் கொடுத்த தசாம்சம் உங்கள் கணக்கோடு ஒத்துவராவிட்டால், ஓர் இரட்டைப்படை ராசியிலுள்ள கிரகத்தைக் கையால் எண்ணிப் பார்த்தால் அவர் எந்த முறையைப் பின்பற்றினார் என்பது தெரிந்துவிடும். நான் இங்கே நேராக எண்ணும் முறையையே கையாள்கிறேன்.

மூன்றாம் படி: எல்லை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பார்த்தல்

கணித்து முடித்தவுடன் பலனுக்குத் தாவாமல், லக்னம் தன் பாகத்தின் எல்லையிலிருந்து எத்தனை நிமிடம் விலகி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரியில் தசாம்சப் பாகம் முடிய இன்னும் 34 கலையே உள்ளது. அன்று விருச்சிகம் உதித்த வேகத்தில் அது சுமார் இரண்டரை நிமிடம். ஆகவே குழந்தை உண்மையில் 12.53-க்குப் பிறந்திருந்தால் தசாம்ச லக்னம் தனுசு. மருத்துவமனையில் ஐந்து நிமிடத்துக்குச் சரிசெய்து எழுதுவதும், செவிலியர் குழந்தையைத் துடைத்து எடுத்தபின் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் உண்டு என்பதால், 12.50 என்று முழுதாக எழுதப்பட்ட நேரத்தை நம்பி விருச்சிகம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சப்தாம்ச லக்னமோ 12.44 முதல் 1.01 வரை சிம்மமாகவே இருக்கும். எனவே அதை நம்பலாம். ஒரே பிறப்பு நேரம் ஒரு வர்க்கத்துக்குப் போதுமானதாகவும் மற்றொரு வர்க்கத்துக்குப் போதாததாகவும் இருக்கும் என்பதை இந்த ஒரு ஜாதகமே காட்டுகிறது.

அயனாம்சமும் இதே வகையான சிக்கலைத் தரும். ராமன் அயனாம்சம் லாகிரியை விட ஏறக்குறைய 1 பாகை 27 கலை குறைவு. அதைக் கொண்டு கணித்தால் நம் மாதிரியின் லக்னம் 15 பாகையைத் தாண்டித் தசாம்ச லக்னம் தனுசாகும். கடகத்தின் விளிம்பில் நிற்கும் குருவோ சிம்மத்துக்கே போய்விடுவார். வாக்கியப் பஞ்சாங்கத்தின் கிரக நிலைகள் திருக்கணிதத்திலிருந்து வேறுபடுகின்றன என்பதும் தெரிந்ததே. கோயில் வழிபாட்டுக்கும் விரதத்துக்கும் உங்கள் குடும்பம் வாக்கியத்தைப் பின்பற்றினாலும், மூன்று பாகையிலும் நான்கு பாகையிலும் ராசி மாறும் வர்க்கங்களுக்குத் திருக்கணிதத்தைக் கொள்வதே பொருந்தும் என்று கருதுகிறேன். எதைக் கொண்டாலும், ஒரு ஜாதகத்தில் ஒன்றை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை கொள்ள வேண்டும்.

நான்காம் படி: ராசியில் உள்ளதை முதலில் படித்தல்

சோதிடர்கள் தசாம்சத்தை எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டால், ராசிக் கட்டத்தில் பத்தாம் இடத்தைப் படித்து முடித்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கும்போதுதான் என்று சொல்வேன். அடிமைத் தொழிலா சொந்தத் தொழிலா, இந்தத் திசையில் பதவி உயருமா, சம்பளம் உயர்ந்தும் பெயர் கிடைக்காமல் போவது ஏன் என்பன போன்றவை அத்தகைய கேள்விகள். 'வேலை கிடைக்குமா' என்ற பொதுக் கேள்விக்கு ராசியும் திசையும் கோசாரமும் போதும். ராசி மறுத்ததை வர்க்கம் கொடுக்காது. ராசி கொடுத்தது எந்த வடிவில், எவ்வளவு வலுவோடு வரும் என்பதையே வர்க்கம் காட்டும் என்பது மரபு.

நம் மாதிரியில் விருச்சிக லக்னத்துக்குப் பத்தாம் இடம் சிம்மம். அதன் அதிபதி சூரியன் அங்கேயே ஆட்சியாக, நண்பகலை ஒட்டிய பிறப்பாதலால் உச்சிக்கருகில் நிற்கிறார். உடன் சனி, சுக்கிரன், ராகு. தொழிலில் அதிகாரமும் பொறுப்பும் உண்டு, ஆனால் மேலிடத்தோடு உரசலும் உண்டு என்பது ராசி சொல்லும் செய்தி. ஐந்தாம் இடமான மீனத்தின் அதிபதி குரு, அவரே புத்திரகாரகர், ஒன்பதாம் இடத்தில் உச்சம். பிள்ளைப் பேற்றுக்கு ராசியில் குறையில்லை. இவ்விரண்டையும் எழுதி வைத்துக்கொண்ட பிறகே அடுத்த சக்கரத்துக்குப் போக வேண்டும்.

ஐந்தாம் படி: தசாம்சத்தைப் படித்தல்

தசாம்சத்தில் நான் பார்க்கும் வரிசை இது: ராசியின் பத்தாம் அதிபதி தசாம்சத்தில் எந்த ராசியில் நிற்கிறார், தசாம்ச லக்னாதிபதி எங்கே, தசாம்சத்தின் பத்தாம் இடத்தில் யார், நடக்கும் திசாநாதன் எங்கே. முதலாவதும் கடைசியும் பெரிது.

ராசியில் ஆட்சியாக இருந்த சூரியன் தசாம்சத்தில் துலாத்தில் நீசமாகிறார். இதைக் கண்டவுடன் 'தொழில் கெட்டது' என்று சொல்லிவிடுவதுதான் வழக்கமாக நேரும் பிழை. துலாத்தின் அதிபதி சுக்கிரன் அதே இடத்தில் ஆட்சியாக உடன் நிற்பதால் நீசம் பங்கமாகிறது. அதிகாரம் உண்டு, ஆனால் அது தன் பெயரில் நேரடியாக இல்லாமல், பிறரோடு கூட்டாகவோ, வேறொருவரின் ஆதரவிலோ செயல்படும் என்று நான் படிப்பேன். பெரிய நிறுவனத்தில் முடிவுகளை உருவாக்கியும் கையெழுத்து வேறொருவரிடம் இருக்கும் பணிகள் இதற்குப் பொருந்தும். தசாம்ச லக்னம் விருச்சிகமா தனுசா என்பதைப் பொறுத்து இப்படிப்பு மாறாது, ஏனெனில் இது கிரகம் நிற்கும் ராசியைப் பற்றியது. மூன்று நிமிடத்தில் சூரியனோ குருவோ பாகம் மாறப்போவதில்லை. பிறந்த நேரம் ஐயமாக இருக்கும்போது முதலில் பற்றிக்கொள்ள வேண்டிய பகுதி இதுவே.

திசைக்கு வருவோம். உத்திரத்தில் பிறந்ததால் சூரிய திசையில் சுமார் இரண்டேகால் ஆண்டு இருப்பு. அதன்பின் சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18 என்று கூட்டினால், 2016 நவம்பர் இறுதியை ஒட்டிக் குரு திசை தொடங்கி 2032 வரை நடக்கிறது. குரு தசாம்சத்தில் தனுசில் ஆட்சி. தொழிலைப் பொறுத்தவரை இத்திசை முந்திய ராகு திசையை விட நிலையானது என்பதை லக்னம் எதுவானாலும் சொல்லலாம்.

எந்த வழியில் நிலையானது என்பதற்குத்தான் லக்னம் தேவைப்படுகிறது. தசாம்ச லக்னம் விருச்சிகமானால் குரு இரண்டாம் இடத்தில்: வருமானமும் சேமிப்பும் உயரும் காலம். பத்தாம் அதிபதியான சூரியன் பன்னிரண்டில்: வெளிநாட்டுப் பணி, திரைக்குப் பின்னான பணி. லக்னம் தனுசானால் குரு லக்னத்திலேயே ஆட்சி, சூரியன் பதினொன்றில்: தலைமைப் பொறுப்பு நேராக அவர் பெயருக்கே வரும் காலம். அரை மணி நேரப் பிழையால் வரும் கன்னி லக்னத்திலோ குரு நான்கில், சூரியன் இரண்டில்; பலன் முற்றிலும் வேறாகும்.

இதைத் தீர்க்க நடந்தவற்றைக் கேட்க வேண்டும். 2016 முடிவிலும் 2017 தொடக்கத்திலும் தொழிலில் என்ன மாறியது? பதவியின் பெயர் மாறியதா, சம்பளம் மட்டும் மாறியதா, நாடு மாறியதா? ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்து லக்னத்தை நகர்த்தக் கூடாது. முதல் வேலை, வேலை இழந்த அல்லது மாற்றிய ஆண்டு, பெரிய உயர்வு என மூன்று நிகழ்ச்சிகளாவது ஒரே லக்னத்துக்குப் பொருந்த வேண்டும். நேர மண்டலப் பிழை சந்திரனையும் கால் பாகையளவு பின்தள்ளும் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதனால் இந்த ஜாதகத்தில் ஒவ்வொரு திசைத் தொடக்கமும் ஏறக்குறைய நாற்பது நாள் தாமதமாகக் காட்டப்படும். நிகழ்ச்சியை ஒப்பிடும் கணக்கே அதனால் தவறிப்போகும்.

கேட்பவரும் சோதிடரும் தெரிந்த விடைக்கேற்ப லக்னத்தை வளைத்துவிடும் ஆபத்து இந்தப் படியில்தான் மிகுதி. அதைத் தவிர்க்க, நிகழ்ச்சிகளைக் கேட்பதற்கு முன்பே, ஒவ்வொரு லக்னத்துக்கும் என்ன நடந்திருக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிவிட்டு, பிறகு கேளுங்கள்.

ஆறாம் படி: சப்தாம்சத்தைப் படித்தல்

சப்தாம்சத்தை எடுக்கும் சூழ்நிலை பெரும்பாலும் மென்மையானது. மணமாகி ஆண்டுகள் கடந்தும் குழந்தை இல்லாத தம்பதியர் வரும்போதும், ஐந்தாம் இடத்தில் நல்லதும் தீயதும் கலந்திருக்கும்போதும், வளர்ந்த பிள்ளைகளோடு உள்ள உறவைப் பற்றிப் பெற்றோர் கேட்கும்போதும் இதைப் பார்க்கிறார்கள். மணப்பொருத்தத்திலேயே இதை எடுத்து, பிள்ளை இல்லை என்று ஒரு வரனைத் தள்ளுவது தவறு. நேரம் உறுதிப்படாத ஒரு சக்கரம் அந்தப் பாரத்தைத் தாங்காது.

சரியான லக்னமான சிம்மத்தை வைத்துப் பார்த்தால், சப்தாம்சத்தின் ஐந்தாம் இடம் தனுசு, அதிபதி குரு, அவர் கடகத்தில் மறுபடியும் உச்சம், ஆனால் பன்னிரண்டாம் இடம். ராசியிலும் சப்தாம்சத்திலும் ஒரே ராசியில் உச்சமாக நிற்கும் ஐந்தாம் அதிபதி பேற்றை மறுக்கமாட்டார். பன்னிரண்டு என்பதை நான் செலவு, காத்திருப்பு, பிற்காலத்தில் பிள்ளை தொலைவில் வாழ்தல் என்று படிப்பேன்.

இப்போது அதே பிறப்பை 8 மணி நேர மண்டலத்தில் கணித்தவர் என்ன சொல்வார் என்று பாருங்கள். அவருடைய லக்னம் விருச்சிகத்தில் 7 பாகை 19 கலை. ராசி மாறாததால் அவருக்கு ஐயமே எழாது. சப்தாம்ச லக்னம் மிதுனம். அதற்கு ஐந்தாம் இடம் துலாம்; அதிபதி சுக்கிரன்; அவர் கன்னியில் நீசம், அதுவும் சூரியனோடு ஒட்டி அஸ்தமனம். விதிப்படியே படித்து, 'புத்திர தோஷம்' என்று சொல்லிப் பரிகாரத்துக்கு அனுப்பிவிடுவார். அவர் படித்த விதிகளில் பிழையில்லை. செயலியில் இட்ட அரை மணி நேரமே ஒரு தம்பதியின் பல மாத வேதனைக்குக் காரணமாகிவிடுகிறது. 1982-க்கு முன் இங்கே பிறந்த யாரிடமாவது இத்தகைய முடிவு சொல்லப்பட்டிருந்தால், பரிகாரத்துக்கு முன் அந்த ஜாதகத்தின் தலைப்பில் அச்சாகியிருக்கும் நேர மண்டலத்தைப் படித்துப் பாருங்கள்.

கணவன் மனைவி இருவரின் சப்தாம்சமும் சேர்த்தே படிக்கப்பட வேண்டும். ஒருவருடையதை மட்டும் பார்த்து, பெரும்பாலும் மனைவியுடையதை மட்டும் பார்த்து, குறை இன்னார் பக்கம் என்று சொல்வதற்குச் சாஸ்திரத்தில் இடமில்லை. மருத்துவச் சோதனையைத் தள்ளிப்போடச் சொல்லவும், பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று சொல்லவும் இந்தச் சக்கரத்தைப் பயன்படுத்தக் கூடாது.

எல்லையில் நிற்கும் ஜாதகத்தில் எதைச் சொல்வது

மூன்று நிகழ்ச்சிகளைக் கேட்ட பிறகும் தசாம்ச லக்னம் விருச்சிகமா தனுசா என்று தீராமல் போகலாம். பெற்றோர் இருவரும் மறைந்து, மருத்துவமனை அட்டையும் தொலைந்து, '12.50 என்று அம்மா சொன்னார்' என்பது மட்டும் எஞ்சியிருக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. அப்போது தசாம்சத்தின் இடங்களை விட்டுவிட்டு, கிரகங்கள் நிற்கும் ராசிகளை மட்டும் படிக்கிறேன். இந்த மாதிரியில் எஞ்சுவது இவ்வளவு: பத்தாம் அதிபதி நீசபங்கம், திசாநாதன் குரு ஆட்சி, சனி குருவின் வீடான மீனத்தில். இரண்டு லக்னத்திலும் மாறாத பலன்கள் இவற்றிலிருந்தே வரும். அவற்றை உறுதியாகச் சொல்கிறேன். பதவி தன் பெயருக்கு வருமா, வேலை வெளிநாட்டிலா என்பன லக்னத்தைச் சார்ந்தவை. அவற்றை இரண்டு வாய்ப்புகளாகவே தாளில் எழுதி, அருகில் 12.50, 7.30 மணி நேர மண்டலம், லாகிரி என்ற மூன்றையும் குறித்துக் கொடுக்கிறேன். பிறகு எப்போதாவது அந்த அட்டை கிடைத்து அதில் 12.53 என்றோ 12.47 என்றோ இருந்தால், இரண்டில் ஒன்றை அவரே அடித்துவிடலாம்.